மூன்றரை முழப் பெட்டி

வியாகுலமேரி அக்கா முதன்முதலில் எங்கள் அச்சகத்துக்கு வந்தது அட்டை கேட்டு. 1961ஆம் ஆண்டு, மாசி மாதம். புதுக்கோட்டையில் அந்த மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கும். முதலாளி வீரய்யா கத்தி இயந்திரத்தின் முன்னால் நின்று பத்திரிகை ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு, குள்ளமாக, ஒடிசலாக ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார்.

"ஓரத்துல விழுகுதுல்ல துண்டு, அது கொஞ்சம் வேணுங்க."

"எதுக்கும்மா? அடுப்புக்கா?"

"வீட்டுக்கு."

"அட்டையில வீடு கட்டப் போறீங்களா?"

"எங்க வீட்டுக்கு அதுவே பெருசுங்க" என்றார் அவர். முகத்தில் சிரிப்பே இல்லை. வீரய்யாதான் சிரித்தார். ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்துவிட்டார்.

நான் அப்போது அங்கே அச்சுப்படி திருத்துகிறவன். ஆலங்குடிக்குத் தெற்கே ஆறு மைல் தள்ளிய ஊரிலிருந்து வந்தவன். எங்கள் வம்சத்தில் பி.ஏ. படித்த முதல் ஆள் என்பதால் மேஜை, நாற்காலி, தனி விளக்கு எல்லாம் கொடுத்திருந்தார்கள். அந்த மேஜையிலிருந்து பார்த்தபடிதான் இந்த அக்காவின் கதையில் நான் வந்து சேர்ந்தேன். சேர்ந்ததோடு நிற்காமல் ஒரு குழப்பத்தையும் செய்தேன். அதை மறைக்காமல் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவின் கணவர் இருதயநாதன் ஒரு பஸ் கம்பெனியில் புக்கிங் கிளார்க். கீழ மூன்றாம் வீதியில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டே அறைகள். முன் அறை பத்தடிக்கு எட்டடி. உள் அறையில் பாதி அடுப்படி. கீழே வீட்டுக்காரர் உண்ணாமலை ஆச்சி. அரிமளத்துப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். சுண்ணாம்புக் காரைச் சுவரை முட்டை வெள்ளை போட்டு அவருடைய மாமனார் பூசினாராம். குடிவந்த அன்றே ஆச்சி சுவர் சுவராகக் கையால் தடவிக் காட்டி, "மொத்தம் ஏழு ஆணி இருக்கு. நீங்க போறப்பவும் ஏழுதான் இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். மாதம் ஒரு முறை வாடகை வாங்க வரும்போது எண்ணியும் பார்ப்பார்.

அந்த இரண்டு அறைகளில் கட்டில், இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு மர அலமாரி, தெருவில் விட்டால் திருடு போய்விடும் என்று மாடிக்கே தூக்கி வந்துவிடுகிற சைக்கிள், உத்தரத்துக் கொக்கியில் தொட்டில், மாதா படம், ஆறு வயதுப் பையன் பங்கிராஸ், கைக்குழந்தை எல்லாரும் இருந்தார்கள். மூத்த பெண் அருள்ராணி மட்டும் இல்லை.

கைக்குழந்தை பிறப்பதற்கு முந்திய கோடையில் அவளை ஆவூரில் இருந்த இருதயநாதனின் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் என்று பேச்சு. அப்போது அவளுக்கு ஏழு வயது. அத்தைக்குப் பிள்ளை இல்லை. பெரிய வீடு, கிணறு, இரண்டு பசு. மூன்று மாதம் ஆறானது, ஒரு வருடம் ஆனது, இரண்டாவது வருடமும் முடியப்போகிறது. கேட்டால், "இங்க எங்க இருக்கு எடம்?" என்பார் இருதயநாதன். கோபமாகச் சொல்லமாட்டார். டிக்கெட் தீர்ந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்.

கிறிஸ்துமஸுக்கு அருள்ராணி வந்தாள். வந்தவள் முன் அறையின் நடுவில் நின்று, துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "இத எங்கம்மா வைக்கட்டும்?" என்று கேட்டாள். அம்மா நாலு பக்கமும் பார்த்தார். டிரங்குப் பெட்டி மேலே பங்கிராஸின் படுக்கை. அலமாரி மேலே கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளின் பெட்டி. சைக்கிள் மேலே துவைத்த துணி. கடைசியில் அந்தப் பை மூன்று நாளும் அருள்ராணியின் மடியிலேயே இருந்தது. சாப்பிடும்போதுகூட.

"சொந்த வீட்டுக்கு வந்த புள்ள, பஸ்ஸுக்குக் காத்திருக்கறவ மாதிரியே உக்காந்திருந்துச்சு தம்பி" என்று அக்கா பின்னால் என்னிடம் சொன்னார்.

பொங்கல் கழிந்து ஆவூரிலிருந்து கடிதம் வந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கூட்டிப்போவதானால் கூட்டிப்போங்கள், இல்லையென்றால் இங்கேயே நாலாம் வகுப்பில் சேர்த்துப் படிப்பை முடிக்கும்வரை நானே வைத்துக்கொள்கிறேன் என்று அத்தை எழுதியிருந்தார். அக்கா கணவரிடம் ஒன்று கேட்டார்.

"எடம் பண்ணிக் காட்டினா கூட்டியாருவீங்களா?"

"சுவரையா நகத்தப் போற?"

"அது ஏன் ஒங்களுக்கு? காட்டினா கூட்டியாருவீங்களா, மாட்டீங்களா?"

"காட்டு. அடுத்த பஸ்லயே போறேன்."

அதற்குத்தான் அட்டை.

இரண்டாம் முறை வந்தபோது என் மேஜையில் இடம் இருந்ததால் அதன்மேல் பரப்பிக் காட்டினார். கணவரின் ஆபீசில் பாழாய்ப் போன டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளையும் கோடு போட்டிருந்தார். கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஜன்னல் எங்கே, கதவுக்கும் மூலைக்கும் நடுவில் சுவர் உள்வாங்கிய மாடம் எங்கே எல்லாம் இருந்தது. ஒரு முழத்துக்கு ஒரு விரல் அகலம் என்று கணக்கு. அதே கணக்கில் அட்டையை வெட்டி, 'கட்டில்', 'அலமாரி', 'சைக்கிள்', 'பெட்டி' என்று எழுதியிருந்தார். தங்க எழுத்தில் யாரோ ஒரு மணமகளின் பெயர் பாதி தெரிந்த துண்டு ஒன்றில் 'அருள்' என்று எழுதியிருந்தது. மற்ற அட்டைகளை நகர்த்தி நகர்த்தி, அந்த ஒரு துண்டு படுக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"பொருள நகத்திப் பாத்தா இடுப்பு போயிரும். அட்டைய நகத்தலாம். பாப்பா தூங்குறப்ப சத்தம் இல்லாம வீட்ட மாத்திப் பாத்துக்குவேன்."

கூடவே ஒரு நோட்டு. அதில் எழுதியிருந்தவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பாக இருந்தது. தினம் எடுக்கிற பொருள் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில். வாரம் ஒருமுறை எடுப்பது முழங்காலுக்குக் கீழே. வருஷம் ஒருமுறை எடுக்கிற குடில் பெட்டி மாதிரிச் சாமான் தலைக்கு மேலே. ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் உத்தரத்துக் கொக்கியிலிருந்து இரண்டு கயிறு விட்டு மூங்கில் தொங்கவிட்டால் துணி போட ஆகும். கட்டில் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்தால் டிரங்குப் பெட்டி உள்ளே போய்விடும். கதவு திறக்கிற வழியில் எதையும் வைக்காதே. அந்தக் கால்வட்டம் கதவுக்குச் சொந்தம். குடிபோன வீட்டில் எது நகராதோ அதை முதலில் வரைந்துகொள். நகர்வதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீரய்யா நோட்டை வாங்கி நின்றபடியே நாலு பக்கம் படித்தார். அவர் வியாபாரி.

"அம்மா, இந்த ஊர்ல எத்தன வாத்தியாரு, எத்தன குமாஸ்தா மாத்தல்ல வந்து ரெண்டு ரூம்ல கெடக்காங்க தெரியுமா? முப்பத்திரண்டு பக்கம், சின்னப் புத்தகமாப் போடுவோம். நல்லாப் போனா அடுப்படிக்கு ஒண்ணு, புள்ளைக படிக்கிற எடத்துக்கு ஒண்ணுன்னு வரிசையாப் போடலாம். ஒங்களுக்கு என்ன வேணும்?"

அக்கா அச்சகத்தின் பின்பக்கம் பார்த்தார். காகிதம் வந்த மரப்பெட்டிகள் பிரித்துச் சாத்தியிருந்தன.

"அந்தப் பலகை" என்றார்.

அட்டைகளில் இடம் கண்டுபிடித்துவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. கதவோரத்து மாடத்தில் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஒரு நீளப் பெட்டி. மூன்றரை முழம் நீளம், ஒன்றரை முழம் அகலம், ஒரு முழம் உயரம். மூடியைத் திறந்தால் துணி, புத்தகம், பை. மூடினால் பகலில் உட்கார, இரவில் அருள்ராணி படுக்க. அதைத்தான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்திருந்தார்.

புத்தகம் என் பொறுப்பில் வந்தது. கம்பாசிட்டர் இருளாண்டி பித்தளைக் கோடுகளைத் துண்டு துண்டாக நறுக்கி இணைத்து, அறைப் படங்களை எழுத்துக் கோப்பதுபோலவே கோத்துத் தந்தார். படத்துக்கு பிளாக் தகடு செய்ய மதராசுக்கு அனுப்ப வேண்டியிருக்கவில்லை. நான் மொழியைச் சீர்செய்தேன். சீர்செய்யும்போது ஒரு விஷயம் உறுத்தியது. பக்கத்துக்குப் பக்கம் முழம், சாண், விரற்கடை. இது அச்சில் வருகிற நூல் அல்லவா? பூக்காரி அளக்கிற அளவையா போடுவது? கல்லூரியில் நான் படித்த படிப்பு எதற்கு? ஒரு முழம் பதினெட்டு அங்குலம், ஒரு சாண் ஒன்பது அங்குலம் என்று கணக்குப் போட்டு, எல்லாவற்றையும் அடி, அங்குலமாக மாற்றினேன். மூன்றரை முழப் பெட்டி ஐந்தடி மூன்று அங்குலப் பெட்டி ஆனது.

அச்சுப்படியை வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். அக்கா குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே பார்த்தார்.

"முழத்தயெல்லாம் எங்க தம்பி காணோம்?"

"மாத்திட்டேங்க்கா. அங்குலம்னாத்தான் துல்லியம். எல்லா ஊருக்கும் ஒரே அளவு."

அவர் கஞ்சிக் கையைத் திருப்பித் தன் முழங்கையை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "படிச்சவங்க நீங்க. சரியாத்தான் இருக்கும்" என்று தாளைத் திருப்பித் தந்தார்.

எங்களிடம் ஈய எழுத்து அதிகம் கிடையாது. நாலு பக்கம் கோப்பது, டிரெடில் இயந்திரத்தில் ஓட்டுவது, எழுத்தைப் பிரித்து எழுத்துப் பெட்டி அறைகளில் போட்டுவிட்டு அடுத்த நாலு பக்கம் கோப்பது. ஓடின பக்கம் ஓடினதுதான். திரும்பத் திருத்த முடியாது. 'வாடகை வீட்டில் வசதியாக' என்ற அந்தப் புத்தகம் வைகாசிப் பாதியில் ஆயிரம் பிரதி தயாரானது. அட்டையில் 'திருமதி வியாகுலமேரி இருதயநாதன்' என்று பெயர் போட்டோம். இருதயநாதன் இரண்டு பிரதி வாங்கிப்போய் ஒன்றை புக்கிங் கவுண்டரில் டிக்கெட் கட்டுப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தார் என்று கேள்வி.

மனைவி பேரை அச்சில் பார்த்ததும் அந்த மனுஷருக்குள் என்ன ஆனதோ. அக்கா ஜூன் முதல் வாரம் ஆவூருக்குப் போய்ப் பெண்ணைக் கூட்டி வருவது, திரும்பி வந்ததும் ஆசாரியை வரச்சொல்லிப் பெட்டி செய்வது என்று பேச்சு. பாப்பாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு அவர் பஸ் ஏறியதும், இருதயநாதன் லீவு போட்டுவிட்டு ஆசாரி வெள்ளைச்சாமியிடம் பலகையையும் புத்தகத்தையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அவர்கள் வந்து இறங்கும்போது பெட்டி தயாராக இருக்க வேண்டுமாம். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் வீட்டு விஷயத்தில் அவராகச் செய்த முதல் காரியம் அது.

சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அவர் அச்சகத்துக்குள் வந்தார். சட்டையெல்லாம் மரத்தூள். கையில் புத்தகம்.

"தம்பி, கொஞ்சம் வீடு வரைக்கும் வாங்க."

"என்ன சார்?"

"வாங்க. பாத்துட்டுச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ரெண்டு மணி பஸ்ல வந்துருவாங்க."

மாடிப்படி ஏறினதுமே விளங்கிவிட்டது. பெட்டி வாசலில் குறுக்கே நின்றது. மாடத்துக்குள் அது முழுசாகப் போகவில்லை. மிச்சம் ஒரு சாண் கதவு வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. நாங்கள் பக்கவாட்டில் நுழைந்தோம். வெள்ளைச்சாமி அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"எடத்த அளக்கலயாண்ணே?" என்று கேட்டேன்.

"சாரு புத்தகத்தக் காட்டினாரு. அஞ்சடி மூணங்குலம்னு அச்சுல போட்டிருக்கு. அச்சுல இருக்கறத நான் வேற அளக்கணுமா?"

"நானும் அளக்கலங்க" என்றார் இருதயநாதன் மெதுவாக. "அவ எழுதினதுல தப்பு இருக்கும்னு எப்படி நெனைக்கறது?"

அவர் எழுதினதில் தப்பு இல்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தது. சொல்வதற்கு வாய் திறப்பதற்குள் படியில் காலடி கேட்டது.

முதலில் பங்கிராஸ் பெட்டியின் மேல் ஏறிக் குதித்து உள்ளே ஓடினான். பின்னால் பாப்பாவோடு அக்கா. அவருக்குப் பின்னால் படியிலேயே அருள்ராணி நின்றாள். இரட்டைச் சடை, கணுக்காலுக்கு மேலே ஏறிப்போன பாவாடை, நெஞ்சோடு பிடித்த துணிப்பை. நான் கேள்விப்பட்டிருந்த அதே பை.

அவள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "இத எங்கம்மா வைக்கட்டும்?" என்றாள்.

இருதயநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார். அனுப்பிவிடுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. வாயில் வேறு சொல் கிடைக்கவில்லை, பாவம். பஸ் நேரம்தான் வந்தது. அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பாப்பாவை என் கையில் கொடுத்தார். குனிந்து, பெட்டியின் ஓரத்தில் முழங்கையை ஊன்றி அளந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"இது நாலு முழம்."

"மூன்றரை முழந்தான்க்கா" என்றேன். "பதினெட்டு அங்குலம் ஒரு முழம்னு..."

"எங்க, நீங்க அளங்க."

பாப்பாவை இடது தோளில் மாற்றிக்கொண்டு வலது கையை ஊன்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, அரை. அக்கா தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அவருடைய நடுவிரல் நுனி என் உள்ளங்கையோடு நின்றுவிட்டது. வெள்ளைச்சாமி ஹோவென்று சிரித்தார்.

"சரியாப் போச்சு! பொம்பள முழத்த ஆம்பள முழமா அச்சடிச்சிட்டீகளா?"

"என் தப்புதான்க்கா" என்றேன். "நீங்க எழுதினத நான் மாத்தியிருக்கக் கூடாது."

அக்கா நிமிர்ந்தார். அருள்ராணியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "இதுல படு."

"பையோடயா?"

"பையோடதான் படேன்."

அவள் படுத்தாள். தலைக்கு மேலே பாக்கி, காலுக்குக் கீழே பாக்கி. சௌகரியமாக இருந்தது. அக்கா அவள் உச்சியிலிருந்து குதிகால் வரை முழம் போட்டார். மூன்றேகால். மறுபடியும் போட்டார். மூன்றேகால்தான். அலமாரிக்குள்ளிருந்து அட்டைகளை எடுத்து, 'அருள்' என்ற துண்டைத் தேடி, விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தார். மூன்று விரல். மூன்று முழம்.

"நான் ஏழு வயசுப் புள்ளைக்கில்ல எடம் தேடிருக்கேன்" என்றார்.

பிறகு அங்கேயே, பெட்டி ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பாய் மேலே அளந்து வைத்த அளவு. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வளர்ந்துவிட்டாள் என்று கண் பார்த்தது, கை அளக்கவில்லை. மூன்றரை முழப் பெட்டி சரியாகவே செய்யப்பட்டிருந்தால் அடுத்த கோடையில் இந்தப் பெண்ணின் கால் சுவரில் இடித்திருக்கும். அப்போது மறுபடியும் இடமில்லை என்று ஒரு பேச்சு வந்திருக்கும்.

"அழாதம்மா. நான் மடக்கிப் படுத்துக்குவேன்" என்றாள் அருள்ராணி படுத்தபடியே.

"மடக்க வேணாம்" என்றார் இருதயநாதன்.

அவர் அட்டைகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் அவற்றைத் தொட்டதில்லை. டிரிப் ஷீட்டை விரித்து அலமாரியை அங்கிட்டு நகர்த்தினார், சைக்கிளை இங்கிட்டு நகர்த்தினார். பெட்டிக்கு வழியில்லை. கடைசியாகக் 'கட்டில்' என்ற அட்டையை எடுக்கப் போனார். அது வரவில்லை. அக்கா அதை மட்டும் சோற்றுப் பசை தடவி ஒட்டியிருந்தார்.

"இது என்ன, ஒட்டி வச்சிருக்க?"

"நகராதத மொதல்ல வரைஞ்சுக்கணும்ல. அது எங்கப்பா போட்ட கட்டிலு."

"ஆணியும் அடிக்கல, காரையும் பூசல. ஏன் நகராது?"

"கல்யாணத்துக்குப் போட்டதுங்க."

"தெரியும். நாந்தானே மாப்ள." அவர் நகத்தால் அட்டையின் ஓரத்தைச் சுரண்டினார். "நீ எல்லாத்தயும் நகத்திப் பாத்துருக்க, மேரி. நான் சும்மா இருந்தேன். இத நான் நகத்துறேனே. நாம பாய் விரிச்சுக்குவோம். விடிஞ்சா சுருட்டி வச்சா எடம் எடமாவே இருக்கும். ஒங்கப்பா இப்ப இங்க இருந்து, பேத்திக்கு எடமில்லன்னு கேட்டா, கட்டில்ல உக்காந்துக்கிட்டேவா இருப்பாரு?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவரு எந்திரிச்சு நின்னுருவாரு" என்றார்.

அட்டை கிழியாமல் வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் பெட்டிக்கான துண்டை வைத்தார்கள். தாராளமாகப் பொருந்தியது. பெட்டிக்காக ஒதுக்கியிருந்த மாடத்தில் டிரங்குப் பெட்டிகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. கதவின் கால்வட்டம் கதவுக்கே திரும்பக் கிடைத்தது.

வெள்ளைச்சாமி எழுந்து கட்டிலின் முளைகளைத் தட்டிக் கழற்ற ஆரம்பித்தார். இரண்டாவது தட்டிலேயே கீழேயிருந்து குரல் வந்தது.

"என்ன சத்தம் அங்க? ஆணியா?"

"இல்ல ஆச்சி, கட்டிலு" என்று இருதயநாதன் கத்தினார்.

உண்ணாமலை ஆச்சி மூச்சு வாங்க மேலே வந்தார். சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். ஏழுதான். பிறகு கட்டிலைப் பார்த்தார், பெட்டியில் கிடந்த பெண்ணைப் பார்த்தார். யாரும் கதை சொல்லாமலே அவருக்குக் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

"இது யாரு, மூத்ததா? ஆவூர்ல இருக்கான்னு சொன்ன புள்ளையா?"

"ஆமா ஆச்சி. இனிமே இங்கதான் இருப்பா."

"அப்ப இந்தக் கட்டில என்ன பண்ணப் போறீக?"

"தெரியல ஆச்சி."

"கீழ என் பின்கட்டு அறை சும்மாத்தான் கெடக்கு. கொண்டாந்து போடுங்க. ஒங்க கட்டிலு ஒங்களுதுதான். வீடு மாறயில எடுத்துக்கங்க. எங்க ஊர்லருந்து யாராச்சும் வந்தா படுத்துக்கிடட்டும்." படி இறங்கும்போது திரும்பி நின்றார். "எறக்குறப்பப் பாத்து. சுவத்துல ஒரு எடம் காரை பேந்தாலும் எட்டாவது ஆணின்னுதான் கணக்கு வப்பேன்."

கட்டில் சட்டங்களை ஆளுக்கொன்றாக இறக்கினோம். என் தோளில் ஒரு சட்டம். பாலை மரம், நல்ல கனம். அதைச் சுமந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை அச்சகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வீரய்யா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆயிரம் பிரதி. இருநூறு ஏற்கெனவே கடைகளுக்குப் போய்விட்டன. மிச்சத்தை என்ன செய்வது? எழுத்தைப் பிரித்தாகிவிட்டது. கடைசியில் ஒரு துண்டுத் தாள் அடித்து முதல் பக்கத்தில் ஒட்டுவது என்று முடிவானது. அதை எழுத நான் உட்கார்ந்தேன். அங்குலத்தை வெட்டி வேறு அங்குலம் போடலாமா என்று யோசித்தேன். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு அக்காவிடமே போனேன். அவர் சொன்னதை ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதிக்கொண்டேன்.

'இந்தப் புத்தகத்தில் உள்ள அங்குலக் கணக்கை நம்ப வேண்டாம். அடுப்படிப் பலகையின் உயரத்தை அங்கே நின்று சமைக்கிறவர் தன் கையால் அளந்துகொள்ள வேண்டும். பெட்டியும் மணையும் வைக்கிற இடத்தை அந்த வீட்டில் ஒரே ஆள், ஒரே கையால் அளக்க வேண்டும். ஆசாரி வந்தால் அதே அளவுக்கு ஒரு கயிறு வெட்டிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை அவர்களையும் அளக்கவும்.'

இருளாண்டி அதைக் கோத்துவிட்டு, "புத்தகத்துலயே இதுதான்யா நல்ல பக்கம்" என்றார்.

துண்டுத் தாள் ஒட்டுகிற வேலையை அக்கா வீட்டுக்கே கொடுத்தனுப்பினார் வீரய்யா. பள்ளிக்கூடம் திறந்து முதல் வாரம். சாயங்காலம் நான் இரண்டாவது புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு மாடி ஏறினேன். கதவு முழுசாகத் திறந்திருந்தது. முன் அறை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பங்கிராஸ் நடுத் தரையில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தான். பம்பரம் சுற்றுகிற அளவுக்குத் தரை இருந்தது. அக்கா உள்ளே பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் பெட்டி. அதன்மேல் அருள்ராணி சம்மணமிட்டு உட்கார்ந்து, பசைக் கிண்ணத்தை ஜன்னல் கட்டையில் வைத்து, ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து துண்டுத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"கோணலா ஒட்டாத" என்றேன், ஏதோ அதிகாரம் இருப்பதுபோல.

"ஓரத்துல மட்டும் பசை வைக்கணும். முழுக்கத் தடவுனா தாள் சுருங்கும். அம்மா சொன்னாங்க" என்றாள், நிமிராமலே.

கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். பழக்கத்தில் கண் எதையோ தேடியது. அவள் மடியில் இல்லை, தோளில் இல்லை, தரையில் இல்லை.

"பை எங்க?"

"எந்தப் பை?" என்று கேட்டாள். பிறகு நினைவு வந்து, பசை படாத விரலால் தான் உட்கார்ந்திருந்த பலகையைத் தட்டினாள். "உள்ள இருக்கு. இப்ப எடுக்க முடியாது. எந்திரிச்சா எல்லாம் கலைஞ்சுரும்."

வேண்டாம் என்றேன். எழுந்திருக்க வேண்டாம் என்றேன்.